இரண்டு காலா, ஒற்றைக் காலா: பைலேட்டரல் டெஃபிசிட் தெரிந்தபின் எந்தப் பயிற்சியைத் தேர்வது?

லெக் பிரஸ்ஸில் வலது காலால் மட்டும் 130 கிலோ தள்ளுகிறீர்கள். இடது காலால் 125. கணக்குப்படி இரண்டு காலும் சேர்ந்தால் 255 கிலோ நகர வேண்டும். ஆனால் 230 பக்கத்திலேயே பலர் நின்றுவிடுவார்கள். இந்த இடைவெளிக்குத்தான் பைலேட்டரல் டெஃபிசிட் என்று பெயர். இருபக்கப் பற்றாக்குறை என்று சொல்லலாம். 1961இல் ஹென்றி, ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் கைப்பிடி வலிமையில் இதைப் பதிவு செய்தார்கள். அதன்பின் முழங்காலை நீட்டுவது, லெக் பிரஸ், குதிப்பது என்று பல அசைவுகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

இதைக் கேள்விப்பட்டதும் எல்லோருக்கும் வருகிற சந்தேகம் ஒன்றுதான். இரண்டு காலும் சேர்ந்து தள்ளும்போது ஒவ்வொரு காலும் முழு பலத்தையும் கொடுப்பதில்லை என்றால், ஸ்குவாட்டை விட்டுவிட்டு ஒற்றைக் கால் பயிற்சிக்கு மாறிவிடலாமா? அல்லது இந்தப் பற்றாக்குறையைப் போக்க இரண்டு கால் பயிற்சியை இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டுமா? ஒரே தகவலிலிருந்து நேர் எதிரான இரண்டு முடிவுகளுக்கு வருகிறார்கள். அதனால் தகவலையே கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, அப்புறம் தேர்வுக்கு வருவோம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி, இந்தக் கால் பலம் உங்களுக்கு எதற்கு வேண்டும் என்பது. பளு தூக்குபவரும் படகு வலிப்பவரும் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தள்ளுகிறார்கள். ஓடுபவர் ஒவ்வொரு அடியிலும் ஒற்றைக் காலில்தான் நிற்கிறார். இந்த ஒரு வேறுபாடே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, காலுக்கு உண்மையில் எவ்வளவு சுமை வருகிறது என்பது. பாரில் எழுதியிருக்கும் எடையைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. மூன்றாவது, செட்டின் கடைசி ரெப்பில் முதலில் எது கைவிடுகிறது: காலா, முதுகா, சமநிலையா? கால் தசை சோர்வதற்கு முன்பே வேறு ஏதாவது கைவிட்டால், கால் பயிற்சி என்ற பெயரில் வேறு எதையோதான் பயிற்றுகிறீர்கள். நான்காவது நேரம். ஐந்தாவது, உங்கள் இரண்டு கால்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கிறதா என்பது.

## பலம் ஏன் குறைகிறது

காரணம் ஒன்றல்ல. எந்த அசைவு என்பதைப் பொறுத்து வெவ்வேறு காரணம் முன்னுக்கு வருகிறது. தேர்வு செய்யும்போது இதுதான் மிகவும் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குதிப்பதில் முக்கியக் காரணம் வேகம். தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் விசை குறையும். நின்றுபோன வண்டியைத் தள்ளும்போது, அது அசையாதவரை முழு பலத்தோடு அழுத்தலாம். உருண்டு வேகமெடுத்ததும் கை அதைத் துரத்திக்கொண்டு போகும், அழுத்தம் கிடைக்காது. இரண்டு காலால் குதிக்கும்போது ஒவ்வொரு காலுக்கும் பாதி உடல் எடைதான். உடல் சட்டென்று வேகமெடுக்கிறது, கால்கள் வேகமாக நீள்கின்றன, தசைகள் வேகமாகச் சுருங்குகின்றன, அதனால் ஒவ்வொரு காலின் விசையும் குறைகிறது. ஒற்றைக் காலில் முழு எடையும் அதே தசைகளின் மேல் ஏறுகிறது. எல்லாம் மெதுவாக நடக்கிறது, விசை கூடுகிறது. அதோடு, ஒற்றைக் காலில் நிற்கும்போதே தசைகள் பாதி முடுக்கப்பட்ட நிலையில்தான் இருக்கும். ஒற்றைக் காலில் குதிக்கும் உயரம் இரண்டு காலின் உயரத்தில் பாதிக்கு மேல் இருப்பதற்கு இதுதான் விளக்கம். 2006இல் பாபர்ட் என்பவரின் குழு மனிதர்களைக் குதிக்கவிட்டு அளந்ததோடு, கணினி மாதிரியிலும் இதைச் சோதித்தது. குதிப்பதில் வரும் பற்றாக்குறையின் பெரும்பகுதி தசையின் வேகத்தால் வருவதுதான் என்று அவர்கள் காட்டினார்கள். அதாவது, அங்கே பலவீனம் எதுவும் இல்லை. தசையின் இயல்பே அதுதான்.

அசையாமல் தள்ளும் சோதனையிலும் பற்றாக்குறை வருகிறது. அங்கே வேகம் பூஜ்யம், அதனால் மேலே சொன்ன விளக்கம் செல்லாது. இங்கே பலர் கைகாட்டுவது மூளையை. வலது காலை இடது மூளையும், இடது காலை வலது மூளையும் இயக்குகின்றன. இரண்டையும் இணைக்கும் நரம்புக் கற்றை வழியாக, ஒரு பக்கம் முழுமூச்சாக இயங்கும்போது மறுபக்கத்தைச் சற்று அடக்கி வைக்கிறது என்பது கருத்து. கையும் காலும் சேர்ந்து தள்ளும்போது பற்றாக்குறை தெரியாமல், இரு பக்கத்திலும் ஒரே தசை வேலை செய்யும்போது மட்டும் தெரிவது இந்தக் கருத்துக்கு வலு சேர்க்கிறது. ஆனால் தசையின் மின் அலைகளை அளந்த ஆய்வுகள் ஒரே மாதிரி பேசுவதில்லை. சிலவற்றில் மின் அலையும் குறைகிறது, சிலவற்றில் விசை குறைந்தும் அலை அப்படியே இருக்கிறது.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. அது உடல் நிலைப்பு. லெக் பிரஸ்ஸில் ஒற்றைக் காலால் தள்ளும் ஒருவரைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கடைசி இரண்டு ரெப்களில் தள்ளுகிற பக்கத்து இடுப்பு இருக்கையிலிருந்து ஒரு விரல் அளவு எழும்பும். உடல் மறுபக்கம் திரும்பும். கைகள் பிடியை இறுகப் பற்றும். தரையில் வைத்த மறுகால் தன்னையறியாமல் தரையை மிதிக்கும். இந்த உதவி எல்லாம் சேர்ந்துதான் ஒற்றைக் காலின் எண்ணை மேலே தூக்குகிறது. இரண்டு காலும் சேரும்போது இப்படித் திரும்பிக்கொள்ள இடமில்லை. ஆக, பற்றாக்குறை என்று நாம் எழுதிக்கொள்வதில் ஒரு பங்கு, ஒற்றைக் கால் எண் ஊதிப்போனதால் வந்தது.

பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1991இல் ஹோவர்ட், எனோகா இருவரும் முழங்காலை நீட்டும் விசையை அளந்தார்கள். பயிற்சி இல்லாதவர்களிடம் சுமார் 10 சதவீதப் பற்றாக்குறை. மிதிவண்டி வீரர்களிடம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பளு தூக்குபவர்களிடமோ நேர்மாறாக, இரண்டு காலும் சேர்ந்தபோது கூட்டுத்தொகையைவிட சுமார் 6 சதவீதம் அதிகம் வந்தது. எப்படிப் பழகுகிறோமோ அப்படி உடல் மாறுகிறது: இரண்டு காலாகப் பழகினால் பற்றாக்குறை சுருங்கும், ஒற்றைக் காலாகப் பழகினால் விரியும்.

## உங்கள் எண்ணைச் சரியாகக் கண்டுபிடிப்பது

சூத்திரம் எளிது:

```
குறியீடு (%) = 100 × இருகால் ÷ (வலது + இடது) − 100
```

விடை மைனஸில் வந்தால் பற்றாக்குறை. பிளஸில் வந்தால், பளு தூக்குபவர்களிடம் பார்த்த மாதிரி, இரண்டும் சேரும்போது கூடுதல் பலம். ஆனால் இதில் ஒரு பிழை பெரும்பாலும் எல்லோரையும் ஏமாற்றுகிறது. லெக் பிரஸ் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். தட்டுகளை மட்டும் எண்ணினால் இருகாலில் 180, வலதில் 80, இடதில் 75. சூத்திரத்தில் போட்டால் பிளஸ் 16 சதவீதம் வருகிறது. பற்றாக்குறையே இல்லை போலத் தெரியும். ஆனால் தட்டுகளைத் தாங்கும் அந்த நகரும் பலகைக்கு, வைத்துக்கொள்ளுங்கள், 50 கிலோ எடை. மூன்று சோதனையிலும் அதையும் சேர்த்துத்தான் கால் தள்ளியது. சேர்த்தால் 230, 130, 125. இப்போது விடை மைனஸ் 10 சதவீதம். ஒரே மனிதர், ஒரே நாள். பலகையின் எடையை விட்டதால் குறியே மாறிவிட்டது. பலகை சாய்வாக ஓடுவதால் முழு எடையும் காலுக்கு வராதே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அந்தக் குறைவு மூன்றுக்கும் ஒரே விகிதம் என்பதால் சூத்திரத்தில் அடிபட்டுவிடும்.

சோதிக்கும்போது ஐந்து ரெப் வரை தள்ள முடிகிற அதிகபட்ச எடையைக் கண்டுபிடித்தால் போதும், ஒற்றை ரெப் உச்சத்துக்குப் போக வேண்டாம். இருக்கையின் நிலையும் முழங்கால் மடங்கும் அளவும் மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். இருகால் சோதனையில் பாதம் எங்கே இருந்ததோ, ஒற்றைக் காலிலும் அங்கேயே இருக்கட்டும். இடுப்பு எழும்பிய ரெப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடைசியாகச் செய்யும் சோதனை எப்போதும் சோர்வோடுதான் வரும். அதனால் இன்னொரு நாள் வரிசையை மாற்றிச் செய்து பாருங்கள். தட்டுகளை ஐந்து ஐந்து கிலோவாகத்தான் ஏற்றுகிறோம் என்றால், அந்த ஒரு படியே விடையை ஓரிரு சதவீதம் நகர்த்தும். ஆகவே மைனஸ் 3, மைனஸ் 4 என்று வந்தால் அதைப் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

## வழி 1: இரண்டு காலும் சேர்ந்து

பார்பெல் ஸ்குவாட், லெக் பிரஸ், டெட்லிஃப்ட் எல்லாம் இந்த வகை. கால்கள் சேர்ந்து தள்ள வேண்டிய வேலைக்கு இதற்கு மாற்று கிடையாது. படகு வலிப்பவரின் ஒவ்வொரு இழுப்பும் இரண்டு காலின் ஒருமித்த தள்ளல்தான். அவருக்கு இந்தப் பற்றாக்குறை உண்மையிலேயே இழப்பு, அதைச் சுருக்குவது இலாபம். பளு தூக்குபவருக்கும் அப்படியே. குறுந்தொலைவு ஓட்டக்காரர் தொடக்கக் கட்டையிலிருந்து பாயும்போதும் இரண்டு காலும் சேர்ந்துதான் அழுத்துகின்றன. உயர்மட்ட ஓட்டக்காரர்களை 2010இல் அளந்த ஓர் ஆய்வில், குதிப்பதில் பற்றாக்குறை குறைவாக இருந்தவர்கள் கட்டையிலிருந்து நன்றாகப் பாய்ந்தார்கள்.

நிலையாக நிற்கலாம் என்பதும், எடையைச் சின்னச் சின்னப் படிகளாகக் கூட்டிக்கொண்டே போகலாம் என்பதும் இதன் பெரிய வசதி. நேரமும் மிச்சம்.

மறைமுகச் செலவு முதுகில் இருக்கிறது. ஸ்குவாட்டில் 100 கிலோ என்றால் அந்த நூறும் முதுகெலும்பு வழியாகத்தான் இறங்கும். நாள்பட்ட முதுகு வலி உள்ளவருக்குக் கால் களைக்கும் முன்பே முதுகு போதும் என்று சொல்லிவிடும். இன்னொன்று, கால்களுக்கிடையே வித்தியாசம் இருந்தால் ஸ்குவாட் அதை மறைத்துவிடும். பலமான கால் கூடுதல் பங்கை எடுத்துக்கொள்ளும், பார் நேராகவே ஏறும், உங்களுக்கும் தெரியாது. பின்னாலிருந்து வீடியோ எடுத்தால், எழும்பும்போது இடுப்பு ஒரு பக்கம் நகர்வதில் சில நேரம் பிடிபடும்.

## வழி 2: ஒவ்வொரு காலாக

பல்கேரியன் ஸ்ப்ளிட் ஸ்குவாட், ஸ்டெப் அப், ஒற்றைக் கால் லெக் பிரஸ், ஒற்றைக் கால் ஸ்குவாட். இங்கேதான் பாரில் எழுதியிருக்கும் எடை மிகவும் ஏமாற்றும்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் 100 கிலோ பாரோடு ஸ்குவாட் செய்கிறார். முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி ஏறி இறங்குவதில்லை. இரண்டு காலுக்கும் சேர்த்து அது உடல் எடையில் சுமார் 12 சதவீதம், எட்டு கிலோ. மீதி 62 கிலோ உடலும் 100 கிலோ பாரும் சேர்த்து 162. ஒரு காலுக்கு 81. இவரே கையில் 25 கிலோவோடு ஒற்றைக் கால் ஸ்குவாட் செய்கிறார். தரையில் இருக்கும் காலின் கீழ்ப்பகுதி மட்டும்தான் இப்போது கணக்கில் இல்லை, மீதி 66 கிலோ உடலும் அந்த ஒரு காலின் மேல். 66ம் 25ம் 91. கையில் வெறும் 25 கிலோ வைத்திருப்பவரின் கால், நூறு கிலோ ஸ்குவாட்டைவிடப் பத்து கிலோ அதிகமாகத் தாங்குகிறது! முதுகுக்கோ கால்வாசி பார் எடைதான். இந்தக் கணக்கு இரண்டு ஸ்குவாட்டிலும் ஒரே ஆழத்துக்கு இறங்கினால்தான் பொருந்தும். பல்கேரியனில் பின்னால் தூக்கி வைத்த காலும் கொஞ்சம் தாங்குவதால் அங்கே எண் இவ்வளவு சுத்தமாக வராது.

முதுகு ஒத்துழைக்காதவருக்கு இது பெரிய வரம் என்றே நினைக்கிறேன். ஓடுபவருக்கும், திசை மாற்றித் திரும்புகிற விளையாட்டுக்காரருக்கும் வேலையே ஒற்றைக் காலில்தான். அவர்களிடம் பற்றாக்குறை பெரிதாக இருந்தால் அதை நோய் மாதிரி பார்க்கத் தேவையில்லை. ஒற்றைக் கால் நன்றாக வளர்ந்திருக்கிறது என்பதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். காயம்பட்டு ஒரு காலில் கட்டுப் போட்டிருப்பவருக்கு இன்னொரு நன்மை: நல்ல காலை மட்டும் பயிற்றினாலும் மறுகாலின் பலம் ஓரளவு கூடும், அல்லது குறைவது மட்டுப்படும். இது நரம்பு வழியாக நடப்பது, நன்றாக நிறுவப்பட்டது.

செலவுகளில் முதலாவது சமநிலை. தொடை களைக்கும் முன் இடுப்பின் பக்கவாட்டுத் தசை தளர்ந்து முழங்கால் உள்ளே சரிந்தால், செட் அங்கேயே முடிந்துவிட்டது. தொடைக்குப் பயிற்சி போதவில்லை. ஒரு கையால் தூணைத் தொட்டுக்கொண்டு செய்தால் இது பெருமளவு சரியாகும். கையால் இழுக்கக் கூடாது, தொட்டால் போதும். அடுத்தது நேரம், ஏறக்குறைய இரட்டிப்பு. இரண்டாவதாகச் செய்யும் கால் மூச்சிரைப்போடு தொடங்குகிறது என்பதால் எப்போதும் பலம் குறைந்த காலில் தொடங்குங்கள். கனத்த எடைக்குப் போகப்போக டம்பெல் பிடியும் தளர ஆரம்பிக்கும்.

பற்றாக்குறை இருப்பதால் ஒற்றைக் காலில் தசை அதிகமாக வளரும் என்று ஒரு வாதம் ஜிம்களில் அடிக்கடி கேட்கும். எனக்கு அது ஏற்புடையதல்ல. தசை வளர்ச்சிக்கு முக்கியம், செட் தசையின் எல்லைக்குப் பக்கத்தில் போய் முடிகிறதா என்பதுதான். மெதுவான கனத்த அசைவில் பத்து சதவீத இடைவெளியை ஓரிரு கூடுதல் ரெப்பே ஈடுகட்டிவிடும்.

## வழி 3: இரண்டையும் கலந்து

2016இல் இளம் ரக்பி வீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஐந்து வாரம் பயிற்றினார்கள். ஒரு குழுவுக்கு ஸ்குவாட், மறு குழுவுக்குப் பின்காலை உயர்த்திய ஸ்ப்ளிட் ஸ்குவாட். கால் வலிமையிலும் ஓட்டத்திலும் இரண்டு குழுவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. ஐந்து வாரம் சின்னக் காலம்தான், ஆனாலும் ஒன்றை எடுத்தால் மற்றொன்று நாசம் என்ற பயம் தேவையில்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

குறிப்பிட்ட விளையாட்டு எதுவும் இல்லாமல் பொதுவாகக் கால் பலம் வேண்டும் என்பவருக்கு நான் சொல்வது இந்தக் கலவைதான். முதலில் ஸ்குவாட் அல்லது லெக் பிரஸ் மூன்று செட், அப்புறம் ஒற்றைக் கால் பயிற்சி ஒன்று, காலுக்கு இரண்டு செட். வரிசையை மாற்றினால் இடுப்புத் தசைகள் களைத்த நிலையில் கனத்த பாரின் கீழ் போக நேரும், அது வேண்டாம். இதிலும் ஒரு செலவு உண்டு: இரண்டிலும் முன்னேற்றம் சற்று மெதுவாகவே வரும்.

| அளவுகோல் | இரண்டு கால் | ஒற்றைக் கால் | கலவை |
|---|---|---|---|
| பொருந்தும் வேலை | பளு, படகு, இருகால் பாய்ச்சல் | ஓட்டம், திசை மாற்றம் | பொதுப் பலம் |
| முதுகின் சுமை | அதிகம் | குறைவு | நடுத்தரம் |
| முதலில் கைவிடுவது | முதுகு அல்லது கால் | சமநிலை, பிடி | பயிற்சியைப் பொறுத்தது |
| நேரம் | குறைவு | ஏறக்குறைய இரட்டிப்பு | இடைப்பட்டது |
| கால் வித்தியாசம் | மறையும் | உடனே தெரியும் | தெரியும் |
| பற்றாக்குறை | சுருங்கும் | விரியும் | பெரிதாக மாறாது |

## சில வாரம் கழித்து எண் மாறினால்

கடைசி வரிசையைப் படித்துவிட்டு, பற்றாக்குறை விரிந்தால் பயிற்சி தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் பார்த்த அதே ஆள் இரண்டு மாதம் ஒற்றைக் காலாகப் பயிற்சி செய்கிறார் என்று வைப்போம். வலது 147, இடது 143, இருகால் 240. குறியீடு மைனஸ் 10 இலிருந்து மைனஸ் 17க்குப் போய்விட்டது. ஆனால் மூன்று எண்ணும் கூடியிருக்கின்றன. இடது, வலதை முன்பைவிடக் கொஞ்சம் நெருங்கியும் இருக்கிறது. ஓடுபவராக இருந்தால் அவர் அப்படியே தொடரலாம். படகு வலிப்பவராக இருந்தால் அந்த 240 தான் அவருக்கு வேண்டிய எண், அது பத்து கிலோ மட்டுமே கூடியிருக்கிறது. அவர் இருகால் பயிற்சிக்குத் திரும்ப வேண்டும்.

நேர்மாறாகவும் நடக்கும். இருகால் எண் அப்படியே இருக்க, ஒற்றைக் கால் எண்கள் இறங்கினால் குறியீடு பூஜ்யத்தை நெருங்கும். தாளில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பலம் குறைந்திருக்கும். அதனால் சதவீதத்தை மட்டும் குறித்து வைக்காதீர்கள். வலது, இடது, இருகால் என்று மூன்று எண்ணையும், பலகையின் எடை சேர்த்து, தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை எந்த எண் நகர்ந்தது என்று பார்த்தே எந்த வழி என்று முடிவெடுக்கலாம்.